வாழ்த்த வயதில்லாதவள் பேசிய இரண்டு நிமிடம்

"வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்."

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போனால் வழியில் குறைந்தது நான்கு பிளக்ஸ் போர்டுகளிலாவது இந்த வரி கண்ணில் படும். காதுகுத்து, கல்யாணம், புதுமனை புகுவிழா, கோயில் கொடை என்று எதையும் விட்டுவைத்ததில்லை. திருத்தங்கலைச் சேர்ந்த அந்தக் கல்லூரி மாணவியும் தன் பேச்சை இந்த வரியில்தான் ஆரம்பித்திருந்தாள். 2025 தை மாதம் அவளுடைய அப்பா அம்மாவின் திருமண வெள்ளி விழா. மகள் இரண்டு வார்த்தை பேசி, பிள்ளைகள் சார்பாகப் பரிசைக் கொடுக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

யோசித்துப் பார்த்தால் அந்த வரி ஒரு உண்மையான சிக்கலிலிருந்து வந்தது. மேல்நாட்டு விருந்துகளில் ஒருவர் எழுந்து கோப்பையை உயர்த்தி நாலு வார்த்தை பேசினால் மற்றவர்களும் கோப்பையை உயர்த்துவார்கள். அங்கே மகன் தகப்பனை வாழ்த்தலாம், தப்பில்லை. நம் ஊரில் வாழ்த்து மேலிருந்து கீழேதான் வரும். பெரியவர்கள் அட்சதை போடுவார்கள், சிறியவர்கள் காலில் விழுவார்கள். பெற்றவர்களைப் பார்த்து "நீங்கள் நீடூழி வாழ்க" என்று பிள்ளை மைக்கில் சொன்னால், கேட்கிற பெரியப்பாவுக்கு எங்கேயோ இடிக்கும். அப்படியானால் மைக்கைப் பிடித்து நிற்கிற பிள்ளை என்னதான் செய்வது?

இன்னொன்றும் உண்டு. அறுபதாம் கல்யாணத்துக்கு ஹோமம், கலசம், மறுபடி தாலி என்று ஒரு முறை இருக்கிறது. எண்பதுக்கும் இருக்கிறது. ஆனால் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு நம்மிடம் சடங்கு எதுவும் கிடையாது. மாலை மாற்றுவார்கள், கேக் வெட்டுவார்கள், பிறகு பந்தி. நடுவில் விழாவைத் தாங்கி நிற்பது அந்த மைக் ஒன்றுதான்.

வெறும் பேச்சு ஒரு சடங்கின் இடத்தைப் பிடிக்க முடியுமா என்று கேட்டால், அதற்குப் பதில் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தம் என்று ஒரு கிராமம். 1928-ல் பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது அங்கேதான். புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. சொந்தபந்தத்தின் முன்னால் பேசப்பட்ட பேச்சுதான் அங்கே கல்யாணத்தை நடத்தியது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அப்படிப்பட்ட கல்யாணங்கள் பல வருஷம் கேள்விக்குறியாகவே இருந்தன. 1967-ல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர்கள், நண்பர்கள் முன்னிலையில் "இவரை என் மனைவியாக ஏற்கிறேன்", "இவரை என் கணவராக ஏற்கிறேன்" என்று இருவருக்கும் புரிகிற மொழியில் சொன்னாலே போதும் என்றது அந்தப் பிரிவு. மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. ஆக, நாலு பேர் முன்னால் சொல்லப்படும் ஒரு வாக்கியத்துக்குச் சட்டமே மதிப்புக் கொடுத்திருக்கிறது. கேட்கிறவர்கள் அங்கே சாட்சிகள்.

அவளுக்குப் பிடி கிடைத்தது அந்த "சாட்சி" என்ற சொல்லில்தான். ஆனால் அதற்கு முன்னால் அவள் நிறையத் தப்பு செய்தாள்.

முதலில் எழுதியது நான்கு பக்கம். அண்ணன் திருப்பூரிலிருந்து போனில் கேட்டபடி நேரம் பார்த்தான். ஏழரை நிமிடம். "ரெண்டாவது நிமிஷத்துல எல்லாரும் சாப்பாட்டு ஹாலைத் திரும்பிப் பாப்பாங்க, மூணாவது நிமிஷத்துல சேர் நகருற சத்தம் கேக்கும்" என்றான். அவன் சொன்னது கேலி இல்லை. ராத்திரி ஏழரைக்குப் பந்தி என்றால் ஏழே கால் மணிக்கு யாருடைய காதும் மேடையில் இருக்காது. நிதானமாக, மூச்சு விட்டுப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல் கூட வராது. இரண்டு நிமிடம் என்றால் கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம், அவ்வளவுதான்.

அந்த நான்கு பக்கத்தில் முக்கால் பக்கம் வெறும் பெயர்கள். பெரியப்பா, பெரியம்மா, தாய்மாமா, இரண்டு அத்தை, சாத்தூர் சித்தப்பா, ராஜபாளையம் மதினி... கல்யாணப் பத்திரிகையைப் போலவே ஆகிவிட்டது. இந்தப் பட்டியலில் ஒரு ஆபத்து இருக்கிறது. பதினான்கு பேரைச் சொல்லிப் பதினைந்தாவது ஆளை விட்டுவிட்டால் அந்த வீட்டோடு ஒரு வருஷத்துக்குப் பேச்சுவார்த்தை நிற்கும். யார் பெயரையும் சொல்லாவிட்டால் யாருக்கும் வருத்தம் இல்லை. எனவே முக்கால் பக்கம் ஒரே வரியாகச் சுருங்கியது.

மீதி மூன்று பக்கத்தை வெட்டியது அப்பா. அவருக்கே தெரியாமல்தான்.

அப்பாவுக்கு சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் வேலை. காலண்டர், பத்திரிகை, கல்யாண வீட்டில் நண்பர்கள் வாசித்துக் கொடுக்கும் வாழ்த்து மடல் என்று அடித்து வருகிற தாள்களை அளவு பார்த்து அடுக்கி வெட்டுவது அவர் வேலை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, வாழ்த்து மடல்களைப் பற்றிப் பேச்சு வந்தது. "நான் வெட்டுற மடல்ல எல்லா மாப்பிள்ளையும் ஒரே ஆள்தாம்மா. பண்பாளன், அன்பாளன், பாசத்தின் சிகரம். பேரு மட்டும்தான் மாறும்" என்றார்.

அவள் ரூமுக்குப் போய் தன் நான்கு பக்கத்தை எடுத்துப் பார்த்தாள். "தியாகத்தின் திருவுருவம் எங்கள் அம்மா", "உழைப்பின் சின்னம் எங்கள் அப்பா". அப்பா, அம்மா என்ற இடத்தில் அடுத்த வீட்டு மாமா, அத்தை பெயரைப் போட்டுப் படித்தாள். அச்சாகப் பொருந்தியது! பொருந்திய வரிகளையெல்லாம் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் மிஞ்சியது ஒரே ஒரு விஷயம்: பை.

அம்மாவுக்குப் பட்டாசு ஆலையில் வேலை. சரம் பின்னுவார். குட்டி குட்டி வெடிகளின் திரிகளை நூலோடு சேர்த்து, விரலுக்கும் கண்ணுக்கும் ஓய்வில்லாமல் வரிசையாகப் பின்னிக்கொண்டே போக வேண்டும். பின்னுகிற அளவுக்குத்தான் கூலி. காலையில் ஆலை வேன் வந்து கூட்டிப் போகும், சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிடும். அப்பா அச்சகத்திலிருந்து சைக்கிளில் நேராக அந்த ஸ்டாப்புக்கு வருவார். வேனிலிருந்து இறங்கும் அம்மாவிடம் அவர் பேசுவது இரண்டே சொல்: "பையைக் குடு." தூக்குச்சட்டி இருக்கிற அந்தப் பையை வாங்கி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி கூடவே நடந்து வருவார். மகளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதுதான் நடக்கிறது.

2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் விபத்து. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள். இந்தப் பக்கத்தில் அந்தத் தேதியைத் தெரியாதவர்கள் குறைவு. அம்மா வேலை பார்த்தது அந்த ஆலை இல்லை. ஆனால் புகை தெரியும்போது எந்த ஆலை என்று யாருக்குத் தெரியும்? ஆலைக்குள் போன் கொண்டுபோக அனுமதி கிடையாது. அப்பா மத்தியானமே மெஷினை நிறுத்திவிட்டு ஸ்டாப்புக்கு வந்துவிட்டார். எட்டு வயது மகளும் அவர் பக்கத்தில் நின்றிருந்தாள். இருட்டுகிற நேரத்தில் வேன் வந்தது. அம்மா இறங்கினார். அப்பா அன்றைக்கும் "பையைக் குடு" என்று மட்டும்தான் சொன்னார்.

வாழ்த்த வயது வேண்டும் என்பது சரி. பார்த்ததைச் சொல்ல வயது எதற்கு? பேச்சின் முதல் பாதி அன்றைக்கே முடிந்துவிட்டது.

இரண்டாவது பாதிதான் கஷ்டம். அதற்குக் காரணம் பரிசு.

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பேரியம் உப்புகளைப் பயன்படுத்தத் தடை, சரவெடிகளை உற்பத்தி செய்யவும் விற்கவும் தடை. நகரத்துக் காற்றையும் குப்பையையும் நினைத்துச் சொன்ன தீர்ப்பு அது. அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பின்னுகிற விரல்களுக்கு அன்றோடு வேலை போனது. நவம்பரில் ஆலைகளை மூடிப் போராட்டம் நடத்தினார்கள், அது மாதக் கணக்கில் நீண்டது. அண்ணனுக்குப் பிளஸ் டூ, அப்பாவின் ஒரு சம்பளம். அந்த வருஷக் கடைசியில் அம்மாவின் மூன்று பவுன் தாலிச் செயின் அடகுக்குப் போனது. தாலி மஞ்சள் கயிற்றுக்கு மாறியது. பிறகு ஆலை திறந்தபோது அம்மா பேக்கிங் பிரிவுக்குப் போனார், கூலியும் குறைந்தது. வருஷா வருஷம் வட்டியை மட்டும் கட்டி அந்த நகையை அப்படியே மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆறு வருஷம்.

அண்ணனும் தங்கையும் சேர்ந்து எடுத்த முடிவு, அந்தச் செயினைத் திருப்பிக் கொடுப்பதுதான் வெள்ளி விழாப் பரிசு என்பது. அண்ணன் ஒன்றரை வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தான். அவள் தன் உதவித்தொகையில் மிச்சம் பிடித்தாள். நகைக்கடன் அப்பா பேரில் இருந்ததால் அவர் வந்து கையெழுத்துப் போடாமல் நகை வெளியே வராது. எனவே அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

சரி, இதை மேடையில் எப்படிச் சொல்வது? நம் ஊர் விசேஷங்களில் பரிசு என்பது வண்ணத் தாள் சுற்றிய பெட்டி. கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெட்டி பின்னால் போய்விடும். உள்ளே என்ன இருந்தது என்பது மறுநாள் வீட்டில்தான் தெரியும். எனவே பேசுகிறவள் சொன்னால் ஒழிய யாருக்கும் ஒன்றும் புரியாது. "அம்மாவுக்கு ஒரு செயின்" என்று சொன்னால் அது புதுச் செயின் ஆகிவிடும், அதாவது பொய். உண்மையைச் சொன்னால், இருநூறு பேர் முன்னால் "இவர் மனைவியின் தாலிச் செயினை அடகு வைத்தவர்" என்று அப்பாவைக் காட்டிக் கொடுப்பதாக ஆகும். பிள்ளைகள் மீட்டார்கள் என்று கைதட்டல் பிள்ளைகளுக்குக் கிடைக்கும், தலைகுனிவு அவருக்கு. நல்ல எண்ணத்தோடு பேசப்பட்டு விழாவைக் கெடுத்த பேச்சுகளில் பாதி இந்த ரகம்தான். பேசுகிறவர் தன் அன்பைச் சொல்கிறேன் என்று அடுத்தவருடைய ரகசியத்தை உடைத்திருப்பார்.

அவள் செய்த புத்திசாலித்தனமான காரியம், யாருக்கு வலிக்குமோ அவரிடமே போய்க் கேட்டது. விழாவுக்கு நான்கு நாள் முன்னால் அப்பாவிடம் தாளைக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பை பற்றிய இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பத்திக்கு வந்ததும் ரொம்ப நேரம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சொல்லும்மா. ஆனா அடகுன்னு மட்டும் சொல்லாத."

ஒரே ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல் இல்லாமல் அந்த விஷயத்தை எப்படிச் சொல்வது? "மீட்டோம்" என்றாலும் அடகு வந்துவிடும், "திருப்பினோம்" என்றாலும் வந்துவிடும். இரண்டு நாள் முழித்தாள். விடை கிடைத்தது தண்ணீர்க் குழாயடியில். பக்கத்து வீட்டு அக்காவிடம் யாரோ, "என்னக்கா கழுத்து வெறுமனே கெடக்கு?" என்று கேட்க, "பேங்க்ல இருக்கு" என்றார் அக்கா. கேட்டவரும் சிரித்தார், சொன்னவரும் சிரித்தார். நகை பேங்க்கில் இருக்கிறது என்றால் லாக்கரில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அது இந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த பாஷை.

கடைசி நேரத்தில் இன்னொரு தடங்கல். அம்மாவின் தாலியை மேடையிலேயே கயிற்றிலிருந்து செயினுக்கு மாற்றுவதாக அண்ணன் திட்டம் வைத்திருந்தான். பெரியம்மாவிடம் சொன்னதும் அவர் பதறிவிட்டார். "தாலியைக் கழத்துறதாடா மேடையில வச்சு? அதெல்லாம் காலையில நல்ல நேரம் பாத்து, வீட்டுல சாமி முன்னாடி செய்யறது. மேடையில செயினை மட்டும் ஒங்க அப்பா கழுத்துல போடட்டும். மத்தது நான் பாத்துக்கிடுறேன்." பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டது நல்லதாகப் போயிற்று.

பெட்டிக்கு வண்ணத் தாள் சுற்றவில்லை. பேசி முடிக்கும் வரை அதை அண்ணனே கையில் வைத்திருப்பது, பேச்சின் கடைசி வாக்கியம் வந்ததும் அப்பாவிடம் நீட்டுவது என்று முடிவு செய்தார்கள். பெட்டி கை மாறிய நொடியிலிருந்து பிளாஷ் அடிக்கும், போட்டோகிராபர் "இங்க பாருங்க" என்பார், அதற்குப் பிறகு பேசுவது யார் காதிலும் ஏறாது.

விழா அன்று அவள் பேசியது இவ்வளவுதான்:

"பெரியவங்க எல்லாருக்கும் வணக்கம். அம்மா அப்பா கல்யாணத்துக்கு நீங்க எல்லாரும் வந்திருந்தீங்க. எங்க ரெண்டு பேருக்குத்தான் பத்திரிகை வைக்கல. அதனால அந்த நாளைப் பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பாத்ததை மட்டும் சொல்றேன்.

"அம்மா வேலை முடிஞ்சு வேன்ல வந்து இறங்குவாங்க. அப்பா ஸ்டாப்புல நிப்பாங்க. 'பையைக் குடு'ன்னு சொல்லி வாங்கிக்கிடுவாங்க. வேற ஒண்ணும் பேச மாட்டாங்க. மழைக்கும் நின்னாங்க, காய்ச்சலுக்கும் நின்னாங்க. ஒரு நாள் மத்தியானத்துல இருந்து இருட்டுற வரைக்கும் நின்னாங்க. அது எந்த நாள்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அன்னைக்கும் அதையேதான் சொன்னாங்க.

"அம்மா, இந்தப் பெட்டியில இருக்கிறது புதுசு இல்ல. ஒங்களோடதுதான். ஆறு வருஷமா பேங்க்ல பத்திரமா இருந்துச்சு. நாங்க படிச்சது அதுலதான். அப்பா, நீங்களே அம்மாவுக்குப் போட்டு விடுங்க."

"பத்திரிகை வைக்கல" என்ற இடத்தில் சிரிப்பு வந்தது. எந்த நாள் என்று சொன்ன இடத்தில் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடத்தில் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. அடுத்த வரிக்குப் போக நேரம் எடுத்துக்கொண்டாள், யாரும் அவசரப்படுத்தவில்லை. "பேங்க்ல பத்திரமா" என்றதும் பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதல் சிரிப்பு கிளம்பியது. அம்மாவும் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். அப்பா பெட்டியைத் திறந்தார். கொக்கியைப் பிரிக்கத் தெரியாமல் திண்டாடி, கடைசியில் பெரியம்மாதான் மேடையேறி உதவி செய்தார்.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் வீடியோக்காரர் அந்த நேரத்தில் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். "சார், மறுபடி ஒரு தடவை போட்டு விடுங்க" என்று கேட்டார். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். அதனால் ஆல்பத்தில் பெரியம்மாவின் முதுகு மட்டும்தான் இருக்கிறது.

பந்தியில் அம்மா உட்கார்ந்திருந்த இடத்துக்கு ராஜபாளையம் மதினி வந்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எந்த பேங்க்குல வச்சிருந்தீக? வட்டி எம்புட்டு போட்டான்?" என்று கேட்டார். அம்மா சொன்னார். எதிர் இலையில் இருந்த அத்தையும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "எனக்கும் அஞ்சு பவுன் உள்ளதான் கெடக்கு மதினி" என்றார்.